ஒரே இயந்திரம், இரண்டு லாபம்

சிவகாசியில் இரண்டு பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் ஆஃப்செட் அச்சகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அவர்களுடைய லாப நட்டக் கணக்கு 8,20,000 ரூபாய் லாபம் என்கிறது. அதே ஆண்டுக்கு அவர்கள் வருமான வரித் துறைக்குக் காட்டும் லாபமோ 7,00,000 ரூபாய். இடையில் உள்ள 1,20,000 ரூபாயை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆடிட்டர் இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி வந்தார் என்பதையும் காட்டித்தான் கணக்கைத் தாக்கல் செய்கிறார். துறையும் அதைக் கேள்வி கேட்பதில்லை. வித்தியாசம் முழுவதும் ஒரே ஓர் இயந்திரத்தின் தேய்மானத்திலிருந்து வருகிறது.

அந்த இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய நான்கு வண்ண ஆஃப்செட் மெஷின். சரக்குக் கட்டணம், சுங்க வரி, கிரேன் வாடகை, பொருத்துக் கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 20,00,000 ரூபாய். ஜி.எஸ்.டி. இதில் சேரவில்லை, அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டாயிற்று. வரவாக எடுத்த வரியை அடக்கத்திலும் சேர்த்து அதற்கும் தேய்மானம் கேட்க முடியாது, ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். இன்னொரு விதியும் பழைய மெஷின் வாங்குவோருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை அடக்கத்தில் சேராது. இடைத்தரகருக்கு ஒரு லட்சத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் ரசீதை நீட்டிப் பயனில்லை.

இந்த 20 லட்சத்தை வாங்கிய ஆண்டின் செலவாக அப்படியே எழுத முடியாது, ஏனென்றால் மெஷின் பல ஆண்டுகள் ஓடும். அதனால் அடக்கத்தை ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுகிறோம். மெஷின் இன்று சந்தையில் என்ன விலை போகும் என்ற கேள்விக்கும் தேய்மானத்துக்கும் சம்பந்தமில்லை. சந்தையில் பழைய மெஷின் விலை ஏறினாலும் தேய்மானம் நிற்காது. பணம் கொடுத்தது ஒரு நாள், செலவு எழுதுவது பல ஆண்டு, அவ்வளவுதான். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இரண்டு வழிகள்.

முதலாவது நேர்கோட்டு முறை. மெஷின் பத்து ஆண்டு ஓடும், அதற்குப் பிறகு இரும்பு விலைக்கும் உதிரி பாகத்துக்குமாக 2 லட்சம் தேறும் என்று பங்குதாரர்கள் கணிக்கிறார்கள். 20 லட்சத்தில் 2 லட்சம் போக மீதி 18 லட்சம். பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1,80,000. முதல் ஆண்டும் அதே தொகை, பத்தாம் ஆண்டும் அதே தொகை. வரைபடத்தில் போட்டால் மெஷினின் மதிப்பு ஒரே சரிவில் நேராக இறங்கும்.

இரண்டாவது குறைந்து செல் மதிப்பு முறை. ஆடிட்டர் அலுவலகங்களில் டபிள்யூ.டி.வி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இதில் தொகை நிலையானதல்ல, விகிதம்தான் நிலையானது. ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பில் அந்த விகிதத்தைக் கழிக்கிறோம். பொதுவான இயந்திரங்களுக்கு வருமான வரி விதிகள் தரும் விகிதம் 15 சதவீதம். முதல் ஆண்டு 20 லட்சத்தில் 15 சதவீதம், அதாவது 3,00,000. மிச்சம் 17 லட்சம். இரண்டாம் ஆண்டு அந்த 17 லட்சத்தில் 15 சதவீதம், 2,55,000. மூன்றாம் ஆண்டு 2,16,750. நான்காம் ஆண்டு 1,84,238. இப்படியே இறங்கிப் பத்தாம் ஆண்டில் 69,485 ரூபாய்க்கு வந்து நிற்கும். எத்தனை ஆண்டு ஓட்டினாலும் மிச்சம் பூஜ்யத்தைத் தொடாது, தேய்ந்துகொண்டே இருக்கும்.

நம் பங்குதாரர்கள் புத்தகத்தில் நேர்கோட்டு முறையை வைத்திருக்கிறார்கள். பங்குதாரர் நிறுவனத்துக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. வரிக் கணக்கில் அந்தச் சுதந்திரம் இல்லை. மின் உற்பத்தி நிறுவனங்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் குறைந்து செல் மதிப்பு முறைதான். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்தாலும் இந்த அடிப்படை மாறவில்லை. அதனால் ஆடிட்டர் செய்யும் வேலை இதுதான்: புத்தக லாபம் 8,20,000. புத்தகத்தில் எழுதிய தேய்மானம் 1,80,000த்தை அதோடு திரும்பக் கூட்டுகிறார், 10,00,000 ஆகிறது. அது தேய்மானத்துக்கு முந்தைய லாபம். அதிலிருந்து வரி விதிப்படியான 3,00,000த்தைக் கழிக்கிறார். மிச்சம் 7,00,000. பங்குதாரர் நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். 7 லட்சத்துக்கு 2,18,400 ரூபாய். வரிச் சட்டமும் நேர்கோட்டையே ஏற்றிருந்தால் 8.2 லட்சத்துக்கு 2,55,840 கட்டியிருக்க வேண்டும். முதல் ஆண்டு மிச்சம் 37,440 ரூபாய்.

"குறைந்து செல் மதிப்பு முறையில் வரி மிச்சம்" என்று பலரும் இந்த இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். மீதி ஆண்டுகளையும் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

வேடிக்கைக்காகத் தேய்மானத்துக்கு முந்தைய லாபம் பத்து ஆண்டும் 10 லட்சமாகவே இருக்கிறது என்று கொள்வோம். எந்த அச்சகமும் அப்படி ஓடாது. ஆனால் லாபத்தை அசையாமல் வைத்தால்தான் முறை செய்யும் வேலை தெரியும். நேர்கோட்டில் வரிக்குரிய லாபம் பத்து ஆண்டும் 8.2 லட்சம். குறைந்து செல் மதிப்பில் 7 லட்சத்தில் தொடங்கி ஆண்டுக்காண்டு ஏறுகிறது. நான்காம் ஆண்டு வரை நேர்கோட்டை விடக் குறைவு. ஐந்தாம் ஆண்டு தேய்மானம் 1,56,602க்கு இறங்கி 1,80,000க்குக் கீழே போய்விடுகிறது. வரிக்குரிய லாபம் 8,43,398 ஆகிறது. அங்கேதான் திருப்பம். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நேர்கோட்டை விடக் கூடுதல் வரி. பத்தாம் ஆண்டில் வரிக்குரிய லாபம் 9,30,515. வியாபாரத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, வரி மட்டும் முதல் ஆண்டை விட 72,000 ரூபாய்க்கு அருகில் கூடிவிட்டது.

முதல் நான்கு ஆண்டுகளில் சேர்ந்த வரி மிச்சம் மொத்தம் 73,628 ரூபாய். ஐந்தாம் ஆண்டிலிருந்து அது கரையத் தொடங்கி, எட்டாம் ஆண்டு முடிவில் 4,686 ரூபாயாகச் சுருங்கி, ஒன்பதாம் ஆண்டில் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. பத்து ஆண்டு முடிவில் நேர்கோட்டு முறை 18 லட்சம் முழுவதையும் எழுதி முடித்திருக்கும். குறைந்து செல் மதிப்பு முறை 16,06,251 மட்டுமே எழுதியிருக்கும். 3,93,749 ரூபாய் இன்னும் ஏட்டில் நிற்கும். வேகமான முறை என்று பெயரெடுத்தது கடைசியில் பின்தங்கி நிற்பது, 15 சதவீதம் என்ற விகிதம் பத்தாண்டு ஆயுளுக்குப் போதாததால். இதுவே பதினைந்து, இருபது ஆண்டு ஓடும் மெஷினாக இருந்தால் நேர்கோட்டு முறை ஆண்டுக்கு ஒரு லட்சம் சொச்சம் அல்லது அதற்கும் கீழேதான் எழுதும். குறைந்து செல் மதிப்பு முறையின் அனுகூலம் நெடுங்காலம் நீடிக்கும். எந்த முறை வேகமானது என்பது முறையின் பெயரில் இல்லை, விகிதமும் ஆயுளும் சேரும் இடத்தில் இருக்கிறது.

அப்படியானால் முன்னால் கிடைத்த 73,628 ரூபாய் என்னவகைப் பணம்? அரசு கொடுத்த வட்டியில்லாக் கைமாற்று. வரி தள்ளுபடி ஆகவில்லை, தள்ளிப்போயிற்று. அதன் மதிப்பு, கையில் இருந்த காலத்தில் அது மிச்சப்படுத்திய வட்டிதான். அச்சகத்துக்கு வங்கியில் 10 சதவீத வட்டியில் ஓவர்டிராஃப்ட் இருக்கிறது என்று கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் கையில் நின்றது 37,440, அடுத்து 60,840, பிறகு 72,306, 73,628 என்று ஏறி இறங்கும் இருப்புக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் போட்டுக் கூட்டினால், எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 40,000 ரூபாய் வட்டி மிச்சம். 20 லட்ச ரூபாய் மெஷினுக்கு இது 2 சதவீதம். நல்ல பேரம் பேசுகிற அண்ணாச்சி ஒருவர் மெஷின் விலையிலேயே இதைக் குறைத்துவிடுவார். தேய்மான முறையால் பெரும் லாபம் என்று சொல்லி இயந்திரம் விற்கிறவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

கைமாற்று என்றால் திருப்பிக் கொடுக்கும் நாள் உண்டு. அது வரும் நேரம்தான் பலருக்கு இடிக்கிறது. மெஷினுக்கு வங்கிக் கடன் இருந்தால், முதல் ஆண்டுகளில் மாதத் தவணையில் வட்டியின் பங்கு அதிகம். வட்டி செலவாகக் கழியும். தேய்மானமும் அப்போதுதான் அதிகம். இரண்டும் சேர்ந்து வரிக்குரிய லாபத்தை அமுக்கி வைக்கின்றன. ஆண்டுகள் போகப் போகத் தவணை அதே தொகைதான், ஆனால் அதில் அசல் கூடி வட்டி குறைகிறது. அசலைத் திருப்பிக் கட்டுவது செலவாகாது. தேய்மானமும் அப்போது பாதியாகியிருக்கும். கையிலிருந்து போகும் பணம் குறையாமல் இருக்க, ஏட்டில் லாபம் மட்டும் வீங்குகிறது.

"லாபம் ஏறியிருக்குன்னு சொல்றீங்க, பேங்க்ல பணத்தைக் காணோமே சார்?" என்று முதலாளி கேட்பதும், "அண்ணாச்சி, தவணையில நீங்க கட்டுற அசலுக்கு வரியில கழிவு கிடையாது, போன வருஷ தேய்மானமும் இந்த வருஷம் இல்ல" என்று ஆடிட்டர் பதில் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். கடன் வாங்கும் நாளிலேயே நான்காம், ஐந்தாம் ஆண்டுகளின் முன்கூட்டிய வரியையும் எழுதிப் பார்ப்பவர்கள் இந்த உரையாடலுக்கு ஆளாவதில்லை.

மெஷின் எப்போது ஓடத் தொடங்கியது என்பதும் முதல் ஆண்டுக் கணக்கைப் பாதிக்கும். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் விகிதம் பாதியாகிறது. நம் மெஷினுக்கு 3 லட்சத்துக்குப் பதில் 1,50,000. நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், அக்டோபர் 3ஆம் தேதிக்குள் ஓடத் தொடங்கினால்தான் 180 நாள் தேறும். சிவகாசியின் நாட்காட்டி வேலை ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் வெளியிட்டதிலிருந்து சூடுபிடித்து ஆண்டுக் கடைசி வரை ஓடுகிறது. ஆவணியில் மெஷினை இறக்கியவருக்கு முழுத் தேய்மானம். நெருக்கடி தாங்காமல் ஐப்பசியில் இறக்கியவருக்குப் பாதி. பாதி இழப்பாகிவிடாது. மிச்சமிருக்கும் 18,50,000க்கு அடுத்த ஆண்டு 15 சதவீதம், 2,77,500 கிடைக்கும். எல்லாம் ஒரு படி தள்ளிப்போகிறது.

இங்கே பார்ப்பது வாங்கிய தேதியை அல்ல, தொழிலில் பயன்பாட்டுக்கு வந்த தேதியை. செப்டம்பரில் பில் போட்டு, பெட்டியைப் பிரிக்காமல் டிசம்பர் வரை மூலையில் வைத்திருந்தால் பாதிதான். மார்ச் 31 வரை பிரிக்கவே இல்லையென்றால் அந்த ஆண்டுக்கு ஒன்றுமே இல்லை. சந்தேகம் வந்தால் அதிகாரி கேட்பது பொருத்திக்கொடுத்த மெக்கானிக்கின் பில், அந்த மெஷினில் அடித்த முதல் வேலையின் விவரம், மின்சாரப் பயன்பாடு ஏறிய மாதம். இவை கையில் இருந்தால் வாதம் தேவைப்படாது.

நம் அச்சகத்தார் பழைய மெஷின் வாங்கியதால் ஒன்றை இழந்திருக்கிறார்கள். உற்பத்தியில் ஈடுபடும் தொழில் புத்தம் புதிய இயந்திரம் வாங்கினால், வழக்கமான 15 சதவீதத்தோடு கூடுதல் தேய்மானமாக இன்னும் 20 சதவீதம் ஒருமுறை கிடைக்கும். 20 லட்சத்துக்குப் புது மெஷின் வாங்கியிருந்தால் முதல் ஆண்டே 7 லட்சம் எழுதியிருக்கலாம். இந்தியாவிலோ வெளிநாட்டிலோ வேறொருவர் ஏற்கெனவே பயன்படுத்திய இயந்திரத்துக்கு அது கிடையாது. குறைந்த வரி விகிதத்தைத் தரும் புதிய திட்டங்களைத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கும் தனிநபர்களுக்கும் இது இல்லை. சாதாரணப் பங்குதாரர் நிறுவனத்துக்கு அந்தக் குறைந்த விகிதத் திட்டம் இல்லாததால் கூடுதல் தேய்மானம் மிஞ்சியிருக்கிறது.

பத்து ஆண்டு ஓடி முடித்து மெஷினை 2 லட்சத்துக்கு விற்கும் நாளில் இரண்டு முறைகளும் முற்றிலும் வேறு வழிகளில் போகின்றன. புத்தகத்தில் சிக்கலே இல்லை: ஏட்டு மதிப்பும் 2 லட்சம், கிடைத்ததும் 2 லட்சம், லாபமும் இல்லை நட்டமும் இல்லை. வரிக் கணக்கில் அந்த மெஷின் தனி ஆளாகவே இருக்காது. ஒரே விகிதம் உள்ள இயந்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுதியாக வைத்துத்தான் சட்டம் தேய்மானம் தருகிறது. ஆடிட்டர்கள் அதை பிளாக் என்பார்கள். கட்டிங் மெஷின், பைண்டிங் மெஷின், லேமினேஷன் மெஷின் எல்லாம் 15 சதவீதத் தொகுதிக்குள் இருக்கும். ஒன்றை விற்றால் விற்ற தொகையைத் தொகுதியிலிருந்து கழிப்பதோடு சரி. 3,93,749இல் 2 லட்சம் போக மிச்சம் 1,93,749. மெஷின் லாரியேறிப் போன பிறகும் அந்தத் தொகை தொகுதிக்குள் தங்கி, ஆண்டுதோறும் 15 சதவீதம் தேய்மானம் தந்துகொண்டிருக்கும். நேர்கோட்டோடு ஒப்பிட்டுப் பின்தங்கியதாகச் சொன்னேனே, அதே தொகைதான் இது. தொலைந்துவிடாது, ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

அந்த ஒரே மெஷின்தான் தொகுதியில் இருந்தது, விற்றதும் தொகுதி காலியாயிற்று என்றால் நிலைமை மாறும். காலியான தொகுதிக்குத் தேய்மானம் இல்லை. மிச்சமிருக்கும் 1,93,749 குறுகிய கால மூலதன நட்டமாகிறது. தேய்மானமாக இருந்தால் அச்சக லாபத்திலேயே கழிந்திருக்கும். மூலதன நட்டமோ மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழியும்; இடம், பங்கு என்று எதையாவது லாபத்துக்கு விற்றால்தான் உதவும், எட்டு ஆண்டுக்குள் விற்காவிட்டால் அதுவும் போயிற்று. மாறாக மெஷின் 6 லட்சத்துக்குப் போனால் 2,06,251 ரூபாய் குறுகிய கால மூலதன ஆதாயமாகி அந்த ஆண்டே வரிக்கு வரும். கடைசி மெஷினை மார்ச் 25இல் விற்பதா, அதற்குள் இன்னொரு மெஷினைத் தொகுதிக்குள் கொண்டுவருவதா என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டு விற்பது அதனால்தான்.

இதுவரை பார்த்தது நிலையான 31.2 சதவீதம் கட்டும் பங்குதாரர் நிறுவனம். அதே அச்சகத்தை ஒருவர் தனியாக நடத்தினால் கணக்கு தலைகீழாகலாம். 2025-26ஆம் நிதியாண்டில் புதிய வரி முறையில், வழக்கமான விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி போகத் தனிநபருக்கு வரியே இல்லை. தேய்மானத்துக்கு முன்பே 10 லட்சம் மட்டும் சம்பாதிக்கும் உரிமையாளருக்கு 3 லட்சம் தேய்மானம் எழுதினாலும் வரி பூஜ்யம், எழுதாவிட்டாலும் பூஜ்யம். அப்படியானால் இப்போது எழுதாமல் சேர்த்து வைத்து, வருமானம் 20 லட்சமாகும் ஆண்டுகளில் எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. மகேந்திரா மில்ஸ் வழக்கில் 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், தேய்மானம் கேட்பதும் கேட்காததும் வரி கட்டுபவரின் விருப்பம் என்றது. நாடாளுமன்றம் உடனே சட்டத்தைத் திருத்தி, 2002 ஏப்ரல் முதல், கேட்டாலும் கேட்காவிட்டாலும் தேய்மானம் கழிந்ததாகவே கொள்ளப்படும் என்று ஆக்கிவிட்டது. கணக்குப் புத்தகம் வைக்காமல் விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் அனுமானத் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்: தனியாகத் தேய்மானம் கிடையாது, ஆனால் மெஷினின் மதிப்பு மட்டும் ஆண்டுதோறும் 15 சதவீதம் கழிந்ததாகவே கருதப்படும். இப்படிப்பட்டவர்களுக்கு, பெருந்தொகையை முன்னால் தள்ளும் முறை பயனில்லாத ஆண்டுகளில் அதைச் செலவழித்துவிடுகிறது. நேர்கோட்டு முறை அவர்களுக்கு நிச்சயம் நல்லதாக இருந்திருக்கும். சட்டம் அந்தத் தேர்வைத் தரவில்லை.

லாபமே போதாமல் போனால் மட்டும் சட்டம் தாராளம் காட்டுகிறது. தேய்மானத்தைக் கழிக்க அந்த ஆண்டு வருமானம் போதவில்லையென்றால் மிச்சத்தை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் முன்னே எடுத்துச் செல்லலாம். சாதாரண வியாபார நட்டத்துக்கு எட்டு ஆண்டுதான் கெடு.

தேர்வு உள்ள ஒரே கூட்டம் மின் உற்பத்தியாளர்கள் என்று மேலே சொன்னேன். இரண்டு முறைகளுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு பெரிதாகலாம், அது ஒரு நிலப்பரப்பையே என்ன செய்யும் என்பதை ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காணலாம். 1990களில் காற்றாலைக்கு முதல் ஆண்டே 100 சதவீதத் தேய்மானம் இருந்தது. பின்னர் அது 80 சதவீதம் ஆனது. லாபத்தில் ஓடிய நூற்பாலைகளும் வேறு தொழிற்சாலைகளும் ஏன் கணவாய்களில் காற்றாலை நட்டன என்பதற்கு மின்சாரத் தேவை ஒரு காரணம், தேய்மானம் இன்னொரு காரணம்.

6 கோடி ரூபாய்க்கு ஒரு காற்றாலை என்று கொள்வோம். நேர்கோட்டு முறையைத் தேர்ந்தால் விதி தரும் விகிதம் 7.69 சதவீதம், ஆண்டுக்கு 46.14 லட்சம், பதின்மூன்று ஆண்டில் அடக்கம் ஏறக்குறைய முழுவதும் தீரும். குறைந்து செல் மதிப்பைத் தேர்ந்தால் 80 சதவீத விகிதத்தில் முதல் ஆண்டே 4.8 கோடி. ஆலைக்கு வேறு தொழிலில் 5 கோடி லாபம் இருந்தால், வரிக்குரிய லாபம் 20 லட்சத்துக்குச் சுருங்கிவிடும். வரி விகிதம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருந்த அந்தக் காலத்தில் சுமார் 1.6 கோடி ரூபாய் வரி அந்த ஆண்டு கைவிட்டுப் போகாது. நம் அச்சகத்தின் 37,440க்கும் இதற்கும் தத்துவம் ஒன்றேதான், விகிதம் மட்டும் வேறு. எந்த முறை என்பதை, மின் உற்பத்தி தொடங்கிய ஆண்டின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் முடிவு செய்துவிட வேண்டும்; பிறகு மாற்ற முடியாது. அதே 180 நாள் விதி இங்கும் உண்டு என்பதால் செப்டம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் காற்றாலைகளை மின்வாரியக் கட்டமைப்போடு இணைத்துவிட ஒரு பரபரப்பு இருக்கும்.

கம்பெனிகள் இதைச் செய்தபோது இன்னொன்றும் நடந்தது. பங்குதாரர்களுக்குக் காட்டும் புத்தகத்தில் நேர்கோடு, அதனால் நல்ல லாபம், டிவிடெண்ட். வரிக் கணக்கில் பெருந்தேய்மானம், அதனால் வரி பூஜ்யம். இந்த இடைவெளியை அடைக்கத்தான், இதுபோன்ற வேறு சலுகைகளையும் சேர்த்து, புத்தக லாபத்தின் மேல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. மேட் என்று அழைக்கப்படும் அந்த வரி 1997-98 மதிப்பீட்டு ஆண்டு முதல் புது வடிவில் விதிக்கப்பட்டது. புத்தகத்திலும் வரியிலும் வேறு வேறு முறை வைப்பது சட்டபூர்வம்தான், ஆனால் எந்த லாபத்தின் மீது வரி என்பதைச் சட்டம் மாற்றிக்கொள்ளலாம்.

தேய்மானச் சலுகையின் பெரிய குறை, அது நட்டதற்குப் பரிசு தருகிறதே தவிர ஓடியதற்குத் தருவதில்லை என்பது. இறக்கை சுழன்றாலும் சுழலாவிட்டாலும் 4.8 கோடி கழிந்துவிடும். காற்று நன்றாக வீசும் இடத்தைத் தேடும் அக்கறையும், பழுதை உடனே சரிசெய்யும் அவசரமும் வரிக் கணக்கிலிருந்து வராது. வரி கட்ட லாபமே இல்லாத, மின்சாரம் விற்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட புதிய நிறுவனங்களுக்கும் அந்தச் சலுகையால் உடனடிப் பயன் இல்லை. 2009 டிசம்பரில் மத்திய அரசு, இந்தப் பெருந்தேய்மானத்தைக் கோராத காற்றாலைகளுக்கு உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்று வேறொரு வழியைத் திறந்தது இதனால்தான். இரண்டில் இதுவே சரியான திட்டம் என்பது என் எண்ணம்.

அதன் பின் விகிதம் ஊஞ்சலாடியது. 2012 ஏப்ரலுக்குப் பிறகு நட்ட காற்றாலைகளுக்கு 80 சதவீதம் போய், மற்ற இயந்திரங்களைப் போல 15 சதவீதம் ஆனது. 2014 ஏப்ரல் முதல் நட்டவற்றுக்கு மறுபடி 80. 2017 ஏப்ரல் முதல் எல்லாச் சொத்துகளுக்கும் உச்சவரம்பு 40 சதவீதம் என்று வந்தபோது காற்றாலையும் அதற்குள் அடங்கியது. இன்று 6 கோடி காற்றாலைக்கு முழு ஆண்டுத் தேய்மானம் 2.4 கோடி, முன்பு மார்ச் மாதம் அவசரமாக இணைத்தவர்களுக்குக் கிடைத்த பாதித் தொகை இதுதான். கழிவின் மதிப்பும் குறைந்துவிட்டது. 22 சதவீத வரித் திட்டத்துக்கு மாறிய கம்பெனிக்கு, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தாலும், ஒவ்வொரு 100 ரூபாய்த் தேய்மானமும் மிச்சப்படுத்துவது 25 ரூபாய் சொச்சம்தான். பழைய விகிதத்தில் அது 33 ரூபாயை ஒட்டியிருந்தது.